வேலை வாங்கித் தந்தவருக்கு நாம் சொல்ல மறக்கும் செய்திகள்

பாயா ரும்புட், செங், குருபோங், பத்து பெரெண்டாம் வட்டாரத்தில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்றால், அது விளம்பரமாக வருவதற்கு முன்பே நம் வீடுகளுக்கு வந்துவிடுகிறது. தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது ஒருவர் சொல்வார். கோயில் திருவிழாவில் பந்தி பரிமாறும்போது இன்னொருவர் சொல்வார். பழைய கம்பெனியில் ஒரே லைனில் நின்ற அண்ணன், இப்போது வேறு கம்பெனியிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "தம்பி, எங்க இடத்துல டெக்னீஷியன் எடுக்கிறாங்க. உன் ரெசுமே அனுப்பு, நான் எச்.ஆர்.ல குடுக்கிறேன்" என்பார்.

ரெசுமே போகிறது, நேர்காணல் நடக்கிறது, வேலையும் கிடைக்கிறது. அதற்குப் பிறகுதான் பிசகு நடக்கிறது. பல பேருடைய நன்றி "ரொம்ப தேங்க்ஸ் அண்ணே" என்ற ஒரு வரியோடு முடிந்துபோகிறது. எந்தத் தேதியில் சேர்ந்தான், எந்த ஷிப்டில் போட்டார்கள், மூன்று மாதம் கழித்துக் கன்பர்ம் ஆனானா, நடுவில் ஏன் நின்றுவிட்டான் என்பதெல்லாம் அந்த அண்ணனுக்குக் கேண்டீனில் யாரோ சொல்லித்தான் தெரிகிறது. சில நேரம் அவருடைய மேலாளரே கூப்பிட்டுச் சொல்கிறார்.

சிபாரிசு செய்தவருக்கு நாம் பட்டிருக்கும் கடனில் பெரும்பகுதி செய்தியாகத்தான் அடைபடும் என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்தச் செய்தியை, எப்போது, எவ்வளவு சொல்ல வேண்டும் என்று பார்ப்போம். அதற்கு முன், அவர் நமக்காக எதைப் பணயம் வைத்தார் என்பது தெரிய வேண்டும்.

தலைக்கு இரண்டு காசு

சிபாரிசின் மூலம் வேலைக்குப் போவது நமக்குப் புதிதில்லை. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். வணிக நோக்கில் ரப்பர் போட்ட முதல் தோட்டக்காரர்களில் அவர் ஒருவர். அடுத்த சில பத்தாண்டுகளில் மலாயா முழுவதும் ரப்பர் தோட்டங்கள் பெருகின. அங்கே பால் வெட்ட வந்த தமிழர்களில் பெரும்பகுதியினர் கங்காணி வழியாக வந்தவர்கள். கங்காணியும் அதே தோட்டத்தில் வேலை செய்தவர்தான். தோட்டத்து நிர்வாகம் அவரை உரிமத்தோடு சொந்த ஊருக்கு அனுப்பும். அவர் தம் உறவிலும் ஊரிலும் ஆள் சேர்த்து, கப்பலேற்றிக் கூட்டி வருவார்.

ஆளைக் கொண்டுவந்து விட்டதும் அவர் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை. அவருக்குத் 'தலைக்காசு' என்று ஒரு வரும்படி இருந்தது. அவர் கூட்டி வந்தவர்களில் அன்றைக்கு வேலைக்கு வந்தவர் ஒவ்வொருவருக்கும் தலைக்கு இரண்டு காசு. காலையில் பெரட்டுக்கு ஆள் வராவிட்டால் அந்தத் தலைக்கு உரிய காசும் இல்லை. இப்படி, ஆள் சேர்த்தவரின் வருமானம் சேர்ந்தவரின் அன்றாட வருகையோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

அந்த முடிச்சு எத்தனை குடும்பங்களை இறுக்கியது என்பதை நம் பாட்டன் பாட்டிகள் அறிவார்கள். கங்காணியிடம் பட்ட கடன், கங்காணி சொல்லுக்கு மறுசொல் இல்லாத நிலை, காய்ச்சலில் கிடந்தவனையும் எழுப்பி வேலைக்கு அனுப்பிய கொடுமை எல்லாம் அந்த ஏற்பாட்டுக்குள் நடந்தவை. 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை இப்படிக் கப்பலேற்றுவதைத் தடை செய்தது. கங்காணி வழியும் அதோடு முடிந்தது.

தோட்டம் துண்டாகி, வீட்டுமனையாகி, தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில் மலாக்காவின் முகம் மாறியது. இன்றைய இன்பினியன் தொழிற்சாலை 1973இல் சீமென்ஸ் நிறுவனத்தினுடையதாக மலாக்காவில் தொடங்கப்பட்டது. பத்து பெரெண்டாம் சுதந்திர வர்த்தக மண்டலத்தில் மின்னணுப் பொருள் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெரட்டுக்களத்தின் இடத்தைப் பஞ்ச் கார்டும், பிறகு விரல் ரேகையும் பிடித்துக்கொண்டன. ஆனால், ஆளைக் கொண்டுவந்தவரை அந்த ஆளின் வருகையோடு முடிச்சுப் போடும் பழக்கம் போகவில்லை. அதன் வடிவம்தான் மாறியிருக்கிறது.

இன்று பல கம்பெனிகளில் சிபாரிசுக்கு ஊக்கத்தொகை உண்டு. நீங்கள் சேர்ந்த அன்றே அதைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். நீங்கள் மூன்று அல்லது ஆறு மாதத் தகுதிகாண் காலத்தை முடித்துக் கன்பர்ம் ஆன பிறகுதான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். சில இடங்களில் பாதி முதலில், பாதி பிறகு. நடுவில் நீங்கள் நின்றுவிட்டால் அந்தத் தொகை போய்விடும். இதுவாவது பணக் கணக்கு. பணத்தில் எழுதாத கணக்கு இன்னொன்று இருக்கிறது.

அவர் பெயரில் ஏறும் கணக்கு

வங்காளதேசத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் சிபாரிசு எப்படி நடக்கிறது என்று ரேச்சல் ஹீத் என்ற பொருளாதார ஆய்வாளர் ஆராய்ந்தார். அவருடைய கட்டுரை 2018இல் வெளியானது. சிபாரிசு செய்தவர், சிபாரிசில் வந்தவர் ஆகிய இருவரின் சம்பளமும் சேர்ந்தே ஏறி இறங்குவதை அவர் கண்டார். அதற்கு அவர் தந்த விளக்கம் இது: புதியவர் சரியாக வேலை செய்யாவிட்டால், முதலாளி கூட்டிவந்தவரின் சம்பளத்திலும் கை வைக்க முடிகிறது. கூட்டாளிக்குக் கெடுதல் வந்துவிடுமே என்ற எண்ணத்தில் புதியவர் கவனமாக வேலை செய்கிறார். முன்பின் தெரியாத ஒருவரைத் துணிந்து எடுக்க முதலாளிக்குக் கிடைக்கும் பிணை அதுதான்.

நம் ஊர்த் தொழிற்சாலைகளில் யாரும் இதைப் பகிரங்கமாகச் சொல்வதில்லை. ஆனாலும், "நீங்க கொண்டுவந்த ஆள் எப்படி?" என்று மேலாளர் ஒருமுறை கேட்டால் போதும், கணக்கு ஏறிவிட்டது என்று பொருள். அடுத்த முறை அந்த அண்ணன் வேறொரு பையனின் ரெசுமேயை நீட்டும்போது எச்.ஆர். அதை மேலே வைக்குமா, கீழே வைக்குமா என்பது உங்களைப் பொறுத்தது. பாயா ரும்புட்டில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் திறக்கும் கதவு உங்கள் நடத்தையால் மூடப்படலாம்.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. நேர்காணலின் முடிவை எச்.ஆர். பொதுவாக விண்ணப்பித்தவரிடம்தான் சொல்லும். சிபாரிசு செய்தவர் போய்க் கேட்டாலும், "பார்க்கிறோம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆளைப் பற்றிய விவரம் அந்தரங்கமானது. ஆக, பொறுப்பு அவர் தலையில். தகவல் உங்கள் கையில். அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

சிபாரிசு செய்பவர் பெரும்பாலும் நமக்கு மிக நெருக்கமானவராக இருப்பதில்லை என்பதும் இதில் சேர்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், பாஸ்டனுக்கு அருகில் நியூட்டன் என்ற ஊரில் வேலை மாறியவர்களை விசாரித்து 1974இல் ஒரு நூல் வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் ஆறில் ஒருவருக்குத்தான் அந்தத் தெரிந்தவர் அடிக்கடி சந்திக்கும் ஆளாக இருந்தார். மற்றவர்களுக்கு எப்போதாவது சந்திப்பவர், அல்லது அபூர்வமாகச் சந்திப்பவர். பழைய கம்பெனியை விட்டுப்போய் இரண்டு வருடம் ஆன அண்ணன் அந்த வகைதான். வீட்டில் தினம் பார்க்கும் மாமாவிடம் நம் செய்தி தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். அந்த அண்ணனுக்கு நாமாகச் சொன்னால்தான் உண்டு.

ஒரு டெக்னீஷியனின் எட்டு மாதம்

இதை ஒரு உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். செங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த இளைஞர் ஒருவர். அவரோடு ஒரே ஷிப்டில் நின்ற சீனியர், இரண்டு வருடத்துக்கு முன் பத்து பெரெண்டாமுக்கு மாறிவிட்டார். அவர் சிபாரிசில் இளைஞருக்கு 2025 மார்ச் 3, திங்கட்கிழமை சேரும்படி வேலை கிடைக்கிறது. தகுதிகாண் காலம் மூன்று மாதம். ஆளும் கம்பெனியும் கற்பனை. நாட்கள் மட்டும் அந்த வருடத்து நாட்காட்டியில் உள்ளவை.

முதல் செய்தி, வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்று மாலையே போக வேண்டும். அதற்கு ஒரு ஐந்து நிமிடத் தொலைபேசி அழைப்பே நல்லது. பேஸ்புக்கில் போடுவதற்கு முன், சித்தப்பா வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துக் குவிவதற்கு முன், அவர் காதில் விழ வேண்டும். சேரும் தேதி, பிரிவு, பதவி ஆகிய மூன்றையும் சொல்லிவிட வேண்டும். சம்பளத் தொகையைச் சொல்லக் கூடாது, கடிதத்தைப் படம் எடுத்தும் அனுப்பக் கூடாது. சம்பள விவரத்தை வெளியிடக் கூடாது என்று பல கடிதங்களிலேயே எழுதியிருக்கும். அதைவிட முக்கியம், இரண்டு வருடம் அங்கே உழைத்தவரைவிடப் புதிதாக வருபவருக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். அந்த எண் ஒரு நல்ல உறவை ஒரே இரவில் கசக்க வைத்துவிடும்.

அழைப்புக்குப் பிறகு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி வைத்தால் தேதி அவர் கையில் எழுத்தாக இருக்கும்:

"அண்ணே, கையெழுத்து போட்டுட்டேன். மார்ச் 3 திங்கக்கிழமை சேர்றேன், டெஸ்ட் டிபார்ட்மென்ட், டெக்னீஷியன். இன்டர்வியூல அந்த மெஷின் அலாரம் பத்தித்தான் கேட்டாங்க. நீங்க முன்னாடியே சொல்லிக் குடுத்ததால தடுமாறாம பதில் சொன்னேன். ரொம்ப நன்றிண்ணே. எச்.ஆர். பாரத்துல உங்க பேரும் ஸ்டாப் நம்பரும் சரியா இருக்கான்னு பாத்துட்டேன், இருக்கு."

இந்தச் செய்தியில் இரண்டு வேலை நடந்திருக்கிறது. ஒன்று, அவர் செய்த உதவியைப் பெயர் சொல்லி நன்றி கூறியது. "எல்லாத்துக்கும் தேங்க்ஸ்" என்றால் அவருக்கு எதுவும் நினைவில் நிற்காது. அலாரம் பற்றிச் சொல்லிக் கொடுத்தது பயன்பட்டது என்றால், அடுத்து வரும் பையனுக்கும் அதைச் சொல்லித் தருவார். இரண்டாவது, கடைசி வரி. சிபாரிசுப் பாரத்தில் அவர் பெயரோ ஊழியர் எண்ணோ தவறாக இருந்தால், அல்லது நீங்கள் முந்திக்கொண்டு இணையத்தில் தனியாக விண்ணப்பித்திருந்தால், பல கம்பெனிகளில் அது சிபாரிசாகவே கணக்கில் வராது. அதைச் சரிபார்க்க உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். ஆறு மாதம் கழித்து அவர் போய்க் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இரண்டாவது செய்தி, முதல் வார முடிவில். ஷிப்ட் எது, சூப்பர்வைசர் யார், பயிற்சி எத்தனை நாள் என்பது போதும். அதே கட்டடத்தில் வேலை செய்பவராக இருந்தால் கேண்டீனில் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது அதைவிட நல்லது. முதல் நாளே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, மற்ற யாரோடும் பேசாமல் இருப்பது அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் கெடுதல்.

மூன்றாவது, முதல் மாத இறுதியில். அந்த வருடம் ஹரி ராயா மார்ச் 31இல் வந்தது. மலாய்க்காரச் சகோதரர்கள் விடுமுறையில் போகும்போது ஷிப்டைத் தாங்கிப் பிடிப்பதும், தீபாவளிக்கு அவர்கள் நமக்காக நிற்பதும் நம் தொழிற்சாலைகளில் பழக்கம். புதியவர் ராயா வாரத்தில் மனமுவந்து நின்றார் என்றால் அது சூப்பர்வைசர் கண்ணில் படும். அதை அந்த அண்ணனுக்கும் சொல்லலாம்: "ராயாவுக்கு நாலு நாளும் நின்னேன் அண்ணே, மெஷின் மூணு எண்ணம் இப்ப தனியா பாக்கிறேன்." இப்படி ஒரு வரி இருந்தால், மேலாளர் கேட்கும்போது அவருக்குச் சொல்ல ஏதாவது கையில் இருக்கும். "நல்ல பையன் சார்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "மூணு மெஷின் தனியாப் பாக்கிறான் சார்" என்று சொல்வது எடுபடும்.

நான்காவது, ஜூன் தொடக்கத்தில். கன்பர்ம் கடிதம் வந்த அன்றே அதன் தேதியைச் சொல்லிவிட வேண்டும். கடிதம் வரவில்லை, தகுதிகாண் காலத்தை நீட்டித்திருக்கிறார்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊக்கத்தொகை ஐந்நூறு ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். அது எந்த மாதச் சம்பளச் சீட்டில் வர வேண்டும் என்று அவர் பார்ப்பதற்கு அந்தத் தேதிதான் ஆதாரம். சில இடங்களில் அவரே பாரம் எழுதிக் கேட்க வேண்டும், குறிப்பிட்ட நாளுக்குள் கேட்காவிட்டால் கிடையாது. உங்கள் மௌனத்தால் அவருக்குப் பணம் போனால், அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். மனதில் வைத்திருப்பார்.

ஐந்தாவது, தீபாவளி. அந்த வருடம் அக்டோபர் 20. முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஒரு நடை போய் வருவது நம் வழக்கம். கன்பர்ம் ஆகி நாலு மாதம் கழிந்த பிறகு போகும் அந்த நடைக்கு, சேர்ந்த வாரத்தில் கொடுக்கும் எந்தப் பரிசைவிடவும் மதிப்பு அதிகம். தேவை முடிந்த பின்னும் நினைவு வைத்திருக்கிறார்கள் என்று அந்த வீட்டுக்குத் தெரியும்.

ஏறத்தாழ எட்டு மாதத்தில் ஐந்து முறை. இதற்கு மேல் வேண்டாம். வாரா வாரம் செய்தி அனுப்பினால் அது அவருக்குப் பாரம்.

பணம், பரிசு, விருந்து

"அண்ணே, உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்பது அழகில்லை. அதில் பாதி கேட்பது அதைவிட அழகில்லை. அந்தத் தொகையைக் கம்பெனி அவருக்குத் தருகிறது. தெரிந்த ஆளைக் கொண்டுவந்ததால் விளம்பரச் செலவும் அலைச்சலும் மிச்சம் என்று கம்பெனிக்கு அதில் ஒரு கணக்கு. அவர் தாமாக ஒரு நாள் கூட்டிப்போய்ப் பசியாற வைத்தால் மகிழ்ச்சியோடு போங்கள். "அவருக்குத்தான் காசு கிடைச்சிருச்சே, நான் எதுக்கு நன்றி சொல்லணும்" என்ற பேச்சும் நம்மிடையே உண்டு. அந்த ஐந்நூறு ரிங்கிட், கையெழுத்துப் போட்டுப் பெயரைக் கொடுத்த துணிச்சலுக்கு ஈடாகாது. நீங்கள் சரியாக வராவிட்டால் அவர் இழப்பது அதைவிடப் பெரிது.

எதிர்த்திசையில், முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை உறையில் போட்டுக் கொடுப்பதும் வேண்டாம். அன்பளிப்பு என்ற பெயரில் கொடுத்தாலும், வேலைக்குப் பணம் வாங்கினார் என்ற பேச்சு கிளம்ப அதுவே போதும். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் பொருந்தும். நன்றி சொல்லப் போய் அவரைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது. அதேபோல், வேலை வாங்கித் தர முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகி நில்லுங்கள். ஆள் சேர்ப்பதைத் தொழிலாகச் செய்ய 1981ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி உரிமம் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு பெயரைக் கொடுப்பவருக்கு இக்கட்டுரை சொல்லும் கடன் எதுவும் கிடையாது.

ஒரு வேளைச் சாப்பாடு, தீபாவளிப் பலகாரம், பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு புத்தகம். இவ்வளவுதான் அளவு.

நிற்க வேண்டி வந்தால்

எல்லா வேலையும் ஒத்துவராது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் உடம்புக்கு ஆகாமல் போகலாம். சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ நல்ல சம்பளம் கிடைக்கலாம். சிபாரிசில் வந்தோம் என்பதற்காகப் பிடிக்காத வேலையில் கிடந்து உழல வேண்டியதில்லை. எப்படிப் போகிறோம் என்பதில்தான் அவர் பெயர் இருக்கிறது.

நம் பிள்ளைகள் சிலர் செய்யும் மிக மோசமான காரியம், சொல்லாமல் நின்றுவிடுவது. சம்பளம் வங்கியில் ஏறிய மறுநாளிலிருந்து ஆள் வராது, தொலைபேசி எடுக்காது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, முன் அனுமதியோ தக்க காரணமோ இல்லாமல், முதலாளிக்குத் தெரிவிக்கவும் முயலாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை மீறியவராகவே கருதப்படுவார். மூன்றாம் நாள் எச்.ஆர். உங்களை அழைக்கும். நீங்கள் எடுக்காவிட்டால் அடுத்த அழைப்பு சிபாரிசு செய்தவருக்கு. "உங்க ஆள் எங்க?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. அந்த ஒரு நிமிடம் அவர் எவ்வளவு குறுகிப்போவார் என்று நினைத்துப் பாருங்கள்.

முறையான வழி இது. முதலில் வேலைக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று பாருங்கள். தகுதிகாண் காலத்துக்குப் பெரும்பாலும் குறைந்த நாளே எழுதியிருப்பார்கள். எதுவும் எழுதாவிட்டால், இரண்டு வருடத்துக்கு உட்பட்ட வேலைக்கு நான்கு வாரம் என்று அதே சட்டம் சொல்கிறது. பிறகு கடிதத்தை சூப்பர்வைசரிடம் கொடுங்கள். கொடுத்த அன்றே, அந்தச் செய்தி லைனில் பரவுவதற்கு முன், சிபாரிசு செய்தவரிடம் நேரில் சொல்லுங்கள்.

கடிதத்துக்கு முன்பே அவரிடம் சொல்லலாமா என்று பலர் கேட்பார்கள். அவர் வேறு பிரிவில் இருந்தால் சொல்லலாம், ஒருவேளை நல்ல யோசனையும் கிடைக்கும். உங்கள் இருவருக்கும் ஒரே மேலாளர் என்றால் சொல்லாதீர்கள். மேலாளரிடம் மறைக்க வேண்டிய ஒரு ரகசியத்தை அவர் தலையில் ஏற்றியது போலாகிவிடும். கடிதம் கொடுத்து ஒரு மணி நேரத்துக்குள் அவரிடம் போய்விட்டால் இரண்டு பக்கமும் சரி.

சொல்ல வேண்டியதும் அதிகமில்லை: "அண்ணே, உங்க பேருக்கு ஒரு குறையும் வராம நோட்டீஸ் முழுசா செஞ்சுட்டுத்தான் போறேன். நைட் ஷிப்ட் உடம்புக்கு ஒத்துக்கல. மெஷின் வேலையப் புதுசா வர்றவருக்குக் காட்டிக் குடுத்துட்டுப் போறேன்." காரணம், தேதி, ஒப்படைப்பு மூன்றும் இதில் இருக்கின்றன. மேலாளர் கேட்டால் அவரும் இதையே சொல்லலாம்.

வேலை கிடைக்காமல் போனாலும் இதே விதிதான். நேர்காணலில் தேறவில்லை என்று தெரிந்த அன்றே அவரிடம் சொல்லி நன்றி கூறுங்கள். பலர் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அவரோ முடிவு தெரியாமல் எச்.ஆரிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பார்.

நன்றி அடிமைத்தனம் ஆகாமல்

கங்காணி காலத்திலிருந்து நாம் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அன்று செஞ்சோற்றுக் கடன் என்ற பெயரில் ஆள் கட்டிப்போடப்பட்டான். இன்று சிபாரிசு செய்தவர், "நான்தானே உன்ன உள்ள கொண்டுவந்தேன்" என்று சொல்லி உங்கள் ஓ.டி.யை மாற்றச் சொன்னால், தம் தவறை மறைக்கச் சொன்னால், தொழிற்சங்கத்தில் தம் பக்கம் நிற்கச் சொன்னால், மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நீங்கள் அவருக்குக் கடன்பட்டிருப்பது நல்ல நடத்தையும் நேரத்தில் செய்தியும்தான்.

உங்கள் பக்கமும் ஒரு வரம்பு இருக்கிறது. சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டிய புகாரை அவரிடம் கொண்டுபோகாதீர்கள். "நான் அவர் ஆளு" என்று லைனில் சொல்லிக்கொள்ளாதீர்கள். செய்தி சொல்வது வேறு, சலுகை கேட்பது வேறு என்பதை இருவரும் அறிந்திருந்தால் அந்த உறவு நீடிக்கும்.

அவர் ஒரு நாள் அந்தக் கம்பெனியை விட்டுப் போகவும் கூடும். எமிலியோ காஸ்டில்லா என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் தொலைபேசி வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றின் பதிவுகளை ஆராய்ந்து 2005இல் எழுதினார். சிபாரிசு செய்தவர் வேலையை விட்டுப் போனால், அவர் சிபாரிசில் வந்தவரின் வேலைத்திறனும் அடிவாங்குகிறது என்று அவர் கண்டறிந்தார். கேட்க, சொல்ல, தட்டிக்கொடுக்க இருந்த ஆள் போய்விடுகிறார் அல்லவா? அதனால் முதல் ஆறு மாதத்திலேயே உங்கள் பிரிவில் வேறு இரண்டு மூன்று பேரையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் போன பிறகும் தொடர்பை விடாதீர்கள். அப்போது உள்ளே இருப்பவர் நீங்கள், வெளியே இருப்பவர் அவர். அடுத்த முறை ஆள் எடுக்கும் செய்தி உங்களிடமிருந்து அவருக்கோ அவர் பிள்ளைக்கோ போக வேண்டி வரலாம்.

உங்களிடமும் ஒரு ரெசுமே வரும். வரும்போது அந்தத் தம்பியிடமோ தங்கையிடமோ முன்கூட்டியே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: முடிவு எதுவானாலும் எனக்கு முதலில் சொல், கன்பர்ம் ஆன தேதியைச் சொல், நிற்பதானால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நில். இதைக் கேட்டு முகம் சுளிப்பவருக்குப் பெயரைக் கொடுக்காதீர்கள்.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு, அவர்களை உள்ளே கொண்டுவந்த ஒருவர் இருப்பார். ஒரு வருடம் ஆகியிருக்கலாம், ஐந்து வருடமும் ஆகியிருக்கலாம். காலம் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். இந்த வாரமே அவரை அழையுங்கள். இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறீர்கள், என்ன வேலை பார்க்கிறீர்கள், அவர் அன்று செய்த எந்தக் காரியம் உங்களுக்குப் பயன்பட்டது என்று சொல்லுங்கள். தாம் கொடுத்த பெயர் வீண்போகவில்லை என்பதை அவர் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.